கொடுத்தது ஒரு நாள், எரிவது பல காலம்: வினையடை எதைப் பற்றிப் பேசுகிறது?

திருமலை, திருச்சானூர், காளத்தி, குடிமல்லம் ஆகிய பழைய சித்தூர் மாவட்டத்துக் கோயில்களில் ஏராளமான தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களிலிருந்து தொகுதி தொகுதியாக அச்சிட்டது. இந்தக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி கொடை ஆவணங்கள். ஒருவர் கோயிலுக்கு நிலமோ பொன்னோ ஆடோ கொடுப்பார். அதைக் கொண்டு நந்தா விளக்கு எரியும், அமுதுபடி நடக்கும். அந்தக் காலத் தமிழ் நாட்டுக் கொடைக் கல்வெட்டுகளின் பொது வாய்பாட்டை இன்றைய தமிழுக்குக் கொண்டுவந்தால், ஏறக்குறைய இப்படி ஒரு வாக்கியம் கிடைக்கும்:

"இன்னார் இக்கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூற்றாறு ஆடுகளைச் சந்திராதித்தவரை கொடுத்தார்."

சந்திராதித்தவரை என்றால் சந்திரனும் சூரியனும் உள்ளவரை. படிப்பவர் யாருக்கும் இதில் தடுமாற்றம் இல்லை. ஆனால் இலக்கணக் கண்ணோடு பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். 'கொடுத்தார்' என்ற வினைமுற்றுக்கு அடையாக 'சந்திராதித்தவரை' வருகிறது. கொடுத்தலோ ஒரே நாளில் முடிந்துபோன செயல். ஒரே நாளில் முடிந்த ஒன்று சந்திரனும் சூரியனும் உள்ளவரை நீடிப்பது எப்படி? நீடிப்பது கொடுத்தல் அல்ல என்றால், வினைக்கு அடையாக நிற்கும் சொல் உண்மையில் எதைப் பற்றிப் பேசுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடும் துறையை நிகழ்வுப் பொருண்மையியல் என்கிறார்கள். அதன் அடிப்படைக் கருத்து எளியது. ஒரு வினைச்சொல் ஒரு நிகழ்வை விவரிக்கிறது. வினையடை அந்த நிகழ்வைப் பற்றிச் சொல்லப்படும் இன்னொரு செய்தி. இந்தக் கருத்து தமிழ் வாக்கியங்களில் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏற்றம் என்ற ஒன்று

திருமலைக்கு நடந்து போக இரண்டு வழிகள் உண்டு. அலிபிரியிலிருந்து சுமார் 3,550 படிகள். சந்திரகிரிப் பக்கம் சீனிவாசமங்காபுரத்துக்கு அருகில் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். கோமதி என்று ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம்.

"கோமதி அலிபிரி வழியாகத் திருமலைக்கு மழையில் மெல்ல ஏறினாள்."

இந்த வாக்கியம் உண்மையானால், 'கோமதி மழையில் ஏறினாள்' என்பதும் உண்மை. 'மெல்ல ஏறினாள்' என்பதும் 'திருமலைக்கு ஏறினாள்' என்பதும் வெறுமனே 'கோமதி ஏறினாள்' என்பதும் அப்படியே. அடைகளை எந்த வரிசையில் உதிர்த்தாலும் மிஞ்சும் வாக்கியம் மெய்யாகவே இருக்கும். நாம் யோசிக்காமலே செய்யும் இந்த அனுமானம் தர்க்கவியலாளருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. 'ஏறினாள்' என்பதை ஆளுக்கும் இடத்துக்கும் உள்ள ஓர் உறவாக எழுதினால் அதற்கு இரண்டு இடங்கள் வேண்டும். வழியைச் சேர்த்தால் மூன்று, மழையைச் சேர்த்தால் நான்கு, மெதுவைச் சேர்த்தால் ஐந்து. தர்க்கத்தின் கணக்கில் இரண்டிடப் பயனிலையும் ஐந்திடப் பயனிலையும் வேறு வேறு சொற்கள். ஒன்றிலிருந்து மற்றது ஏன் பெறப்படுகிறது என்பதை வடிவத்தைக் கொண்டு விளக்க வழியில்லை. ஆந்தனி கென்னி 1963இல் வெளியிட்ட நூலில் இந்தச் சிக்கலைத் தெளிவாக எடுத்துவைத்தார்.

டொனால்ட் டேவிட்சன் 1967இல் இதற்கு ஒரு தீர்வு சொன்னார். நள்ளிரவில் குளியலறையில் கத்தியால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் ஒரு மனிதரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அவர் முன்வைத்த வாதத்தின் சாரம் இது. வினைச்சொல்லுக்குள் நாம் வாய்விட்டுச் சொல்லாத ஓர் இடம் உண்டு, அது நிகழ்வுக்கான இடம். 'ஏறினாள்' என்று சொல்லும்போது, ஏற்றம் என்ற ஒன்று நடந்தது என்று சொல்கிறோம். மற்றவையெல்லாம் அந்த ஏற்றத்தைப் பற்றிய தனித்தனிச் செய்திகள். குறியீட்டில் இப்படி எழுதலாம்:

```
∃e [ ஏறு(e) ∧ செய்பவர்(e, கோமதி) ∧ இலக்கு(e, திருமலை)
     ∧ வழி(e, அலிபிரி) ∧ மழையில்(e) ∧ மெல்ல(e) ]
```

இதைப் படிக்கும் முறை: e என்று ஒரு நிகழ்வு உண்டு, அது ஏற்றம், அதைச் செய்தவர் கோமதி, அதன் இலக்கு திருமலை, அதன் வழி அலிபிரி, அது மழையில் நடந்தது, அது மெல்ல நடந்தது. செய்திகள் 'மற்றும்' என்ற இணைப்பால் கோக்கப்பட்டிருக்கின்றன. அ-வும் ஆ-வும் உண்மையென்றால் அ உண்மை என்பது தர்க்கத்தின் பாலபாடம். அடைகள் ஏன் உதிர்கின்றன என்பதற்கு இனித் தனி விதி தேவையில்லை. செய்பவர், இலக்கு போன்ற பங்குகளை இப்படித் தனித்தனிச் செய்திகளாகப் பிரித்தது டேவிட்சனுக்குப் பின் வந்தவர்கள். காஸ்டன்யேடா அதைத் தொடங்கிவைத்தார், டெரன்ஸ் பார்சன்ஸ் 1990இல் வந்த நூலில் முழுமையாக வளர்த்தார்.

இந்தத் தீர்வின் வலிமை எதிர்த்திசையில் இன்னும் நன்றாகத் தெரியும். கோமதி திங்களன்று மழையில் ஓட்டமும் நடையுமாக ஏறினாள், வியாழனன்று நல்ல வெயிலில் மெல்ல ஏறினாள் என்று வைத்துக்கொள்வோம். 'கோமதி மழையில் ஏறினாள்' உண்மை. 'கோமதி மெல்ல ஏறினாள்' உண்மை. ஆனால் 'கோமதி மழையில் மெல்ல ஏறினாள்' என்பது பொய். அடைகள் கோமதியைப் பற்றியவையாக இருந்தால், இரண்டையும் சேர்த்துச் சொல்ல எந்தத் தடையும் இருக்கக் கூடாது. ஒருத்தி உயரமானவள், அவளே ஆசிரியை என்றால், அவள் உயரமான ஆசிரியைதானே என்று கேட்பதைப் போல. தடை இருப்பதற்குக் காரணம், மழை ஓர் ஏற்றத்தின் பண்பு, மெதுவு இன்னோர் ஏற்றத்தின் பண்பு என்பதுதான். உதிர்க்கலாம், ஆனால் நினைத்தபடி சேர்க்க முடியாது. வினையடை நிகழ்வைப் பற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திருப்பதியில் கற்பிக்கப்படும் பழைய வழக்கு

டேவிட்சனின் கேள்வியை வேறு நோக்கத்தோடு, வேறு சொற்களில், பல நூற்றாண்டுகள் விவாதித்த ஒரு மரபு நம்மிடம் உண்டு. ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் கேட்பவர் மனத்தில் என்ன வடிவத்தில் அறிவு பிறக்கிறது என்பதை ஆராயும் சாப்தபோதம் அது. திருப்பதியில் 1961இல் தொடங்கப்பட்டு, 2020இல் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகமாக மாறிய வித்யாபீடம் இந்தத் துறையின் முக்கியமான இடங்களில் ஒன்று. அங்கே துணைவேந்தராக இருந்த தமிழ்நாட்டு அறிஞர் என்.எஸ். ராமானுஜ தாத்தாசாரியார் 'சாப்தபோத மீமாம்சா' என்ற பல தொகுதி நூலை எழுதினார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அதை 2005 முதல் வெளியிட்டது.

மரபில் வழங்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் 'சைத்திரன் அரிசியைச் சமைக்கிறான்' என்பது. கேட்பவர் மனத்தில் பிறக்கும் அறிவில் எது தலைமை, எவை அதைச் சார்ந்தவை என்பதுதான் வழக்கு. இலக்கணவாதிகள் தலைமையைச் செயற்பாட்டுக்குத் தருகிறார்கள். அவர்கள் விரித்துச் சொன்னால் இந்த வாக்கியம், 'அரிசியில் குழைவை உண்டாக்குவதும், சைத்திரனைச் செய்பவனாகக் கொண்டதும், இப்போது நடப்பதுமான செயற்பாடு' என்று ஆகும். நியாய மரபினர் தலைமையை எழுவாய்க்குத் தருகிறார்கள். அவர்களுக்கு அதே வாக்கியம், 'அரிசியில் குழைவை உண்டாக்கும் முயற்சியை உடையவன் சைத்திரன்' என்று ஆகும். மீமாம்சகர்களுக்கு வினை விகுதி உணர்த்தும் ஆக்கமே தலைமை. பதினேழாம் நூற்றாண்டில் கௌண்டபட்டர் இலக்கணவாதிகளின் நிலையை விரிவாக வாதாடி நிறுவினார்.

இலக்கணவாதிகளின் கையில் இருந்த ஒரு வாதம் இன்றைக்கும் வியப்பைத் தருகிறது. 'பார், மான் ஓடுகிறது' என்ற பொருளில் ஒரு சமஸ்கிருத வாக்கியம். அதில் மான் என்ற சொல் முதல் வேற்றுமையில் நிற்கிறது. பார்க்கப்படுவது மான் என்றால் அது இரண்டாம் வேற்றுமை ஏற்றிருக்க வேண்டும். ஏற்கவில்லை. அப்படியானால் 'பார்' என்பதற்குச் செயப்படுபொருளாக நிற்பது ஓட்டம். மானுக்குத் தலைமை கொடுத்தால் இதை விளக்க முடியாது. ஓட்டத்துக்குத் தலைமை கொடுத்தால் இயல்பாக விளங்கும். 1983இல் ஜேம்ஸ் ஹிகின்பாதம் ஆங்கிலத்தின் காண்டல் வாக்கியங்களை ஆராய்ந்து, காணப்படுவது நிகழ்வே என்று வாதிட்டார். டேவிட்சனின் நிகழ்வுக்கு அது வலுவான ஆதரவாயிற்று. இரு தரப்பும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே வகை வாக்கியத்தைச் சான்றாக எடுத்திருக்கின்றன. தமிழில் இந்த உண்மை வெளிப்படையாகவே இருக்கிறது: 'மான் ஓடுவதைப் பார்.' ஐ உருபு ஓடுவதன்மேல் ஏறி நிற்கிறது, மான்மேல் அல்ல.

வினையடைக்கும் அந்த மரபில் ஓரிடம் உண்டு. சமஸ்கிருதத்தில் வினையடை ஒருமையில், அலிப்பாலில், இரண்டாம் வேற்றுமை வடிவத்தில் வரும். 'கொஞ்சம் சமைக்கிறான்' என்பதை, 'கொஞ்சமான சமைத்தலைச் செய்கிறான்' என்று விரிப்பார்கள். வினைக்குள் ஒரு செயல் பொருளாகப் பொதிந்திருக்கிறது, அடை அதைச் சிறப்பிக்கிறது என்பதே இந்த விரிவின் உட்கிடை.

தமிழ் மரபில் தொல்காப்பியர் ஒரு தொழில் நிகழத் துணையாவன எட்டு என்று எண்ணுகிறார்: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். பார்சன்ஸ் பிரித்தெழுதிய பங்குகளோடு இந்தப் பட்டியல் பெருமளவு ஒத்துப்போகிறது. செய்பவரையும் இடத்தையும் எண்ணும்போதே வினையையும் அவற்றோடு ஒன்றாக, முதலாவதாக எண்ணியிருப்பது கவனிக்க வேண்டியது.

ஒற்றுமையை அளவோடு வைத்துக்கொள்வதும் முக்கியம். டேவிட்சன் கேட்டது, ஒரு வாக்கியம் எந்நிலையில் உண்மையாகும் என்பது. அவருடைய குறியீட்டில் செய்திகள் எல்லாம் சமமாக இணைந்து நிற்கும், தலைமை என்ற பேச்சு இல்லை. சாப்தபோதம் கேட்டது, கேட்பவர் அறிவின் கட்டமைப்பு என்ன என்பது. அங்கே தலைமையும் சார்பும்தான் எல்லாம். ஒன்றை மற்றதன் முன்னோடி என்று சொல்வது இரண்டுக்கும் செய்யும் அநீதி. இரண்டு பாதைகளும் ஒரே பொருளைத் தொட்டன என்பது மட்டும் உறுதி. வாக்கியத்தின் நடுவில் இருப்பது ஆள் அல்ல, செயல்.

ஒரே 'ஆக', மூன்று இலக்கு

நிகழ்வை ஏற்றுக்கொண்ட பிறகு அடுத்த வேலை தொடங்குகிறது. தமிழில் பெயரோடும் பண்போடும் 'ஆக' சேர்ந்தால் வினையடை ஆகிறது. வேகமாக, அழகாக, இறையிலியாக. சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கிலும் இதே வேலையைச் செய்யும் 'கா' என்ற ஈறு உண்டு. நம் 'மெல்ல' அங்கே 'மெல்லகா'. இரண்டு ஈறுகளும் ஆதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தவை. இந்த 'ஆக' எதன்மேல் செய்தி சொல்கிறது என்பதை வடிவம் காட்டிக்கொடுப்பதில்லை. மூன்று வாக்கியங்களைப் பார்ப்போம்.

'கோமதி வேகமாக ஏறினாள்.' வேகமானது ஏற்றம். கோமதி வேகமானவளா என்பது வேறு கேள்வி.

'கோமதி பட்டினியாக ஏறினாள்.' பட்டினி கிடந்தது ஏற்றம் அல்ல, கோமதி. ஏறிய நேரம் முழுதும் அவள் அந்த நிலையில் இருந்தாள் என்பதே செய்தி.

'நிலத்தை இறையிலியாகக் கொடுத்தார்.' இது கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் தொடர். வரியில்லாத நிலையை அடைந்தது கொடுத்தவரும் அல்ல, கொடுத்தலும் அல்ல, நிலம். அதுவும் கொடுத்ததன் விளைவாக அந்த நிலையை அடைந்தது.

பள்ளி இலக்கணத்தில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான், வினையடை. பொருளிலோ மூன்றும் மூன்று வேறு இடங்களைப் பற்றுகின்றன: நிகழ்வு, செய்பவர், செயப்படுபொருள். சமஸ்கிருதத்தில் பல இடங்களில் சொல்லின் பாலும் வேற்றுமையுமே இந்த வேறுபாட்டைக் காட்டிவிடும். செய்பவரைச் சிறப்பிக்கும் சொல் எழுவாயின் வடிவத்தை ஏற்கும், செயலைச் சிறப்பிக்கும் சொல் அலிப்பாலில் நிற்கும். தமிழில் அந்த வசதி இல்லை. ஆகவே நாம் பொருளைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

சோதனைகள் எளியவை. முதலாவது, வினைமுற்றைத் தொழிற்பெயராக்கி அடையை அதற்குப் பயனிலையாக்குவது. 'அவள் ஏறியது வேகமாக இருந்தது' என்றால் ஏற்றத்தைப் பற்றிய பேச்சு அப்படியே நிற்கிறது. 'அவள் ஏறியது பட்டினியாக இருந்தது' என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாவது, அடையைப் பெயர்ச்சொல்லுக்கு மாற்றிப் பார்ப்பது. 'பட்டினியாக இருந்த கோமதி ஏறினாள்', 'இறையிலியான நிலம்' என்று வாக்கியம் பொருந்தி வந்தால், அடை ஆளையோ பொருளையோ பற்றுகிறது. சில சொற்கள் இரண்டு சோதனைகளிலும் தேறும். 'அமைதியாக ஏறினாள்' என்பதில் அமைதி அவளுடையதா, ஏற்றத்தினுடையதா? இரண்டு வாசிப்பும் உண்டு. சத்தம் போடாமல் ஏறினாள் என்பது ஒன்று, மனம் அமைதியாக இருந்தது என்பது மற்றொன்று. இது சோதனையின் குறை அல்ல. வாக்கியத்தில் உண்மையாகவே உள்ள இருபொருளைச் சோதனை வெளிக்கொண்டு வருகிறது.

சந்திராதித்தவரை

இனி விளக்குக் கொடைக்கு வரலாம். 'சந்திராதித்தவரை' என்பது கால அளவைச் சொல்லும் அடை. அதைக் கொடுத்தலின்மேல் ஏற்றினால், கொடுத்தல் யுகக்கணக்கில் நடந்துகொண்டே இருந்தது என்றாகும். அது பொருந்தாது. ஆனால் கொடுத்தல் என்பது தன்னோடு ஒரு விளைவு நிலையைக் கொண்டுவரும் நிகழ்வு. கொடுத்து முடித்ததும் பொருள் பெற்றவரின் உடைமையில் இருக்கிறது. அந்த நிலைக்குத் தனிக் குறி கொடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும்:

```
∃e ∃s [ கொடு(e) ∧ செய்பவர்(e, கொடையாளி) ∧ பொருள்(e, ஆடுகள்)
        ∧ பெறுவது(e, கோயில்) ∧ விளைவு(e, s)
        ∧ சந்திராதித்தவரை(s) ]
```

e ஒரு நாளில் முடிகிறது. s நீடிக்கிறது. அடை e-யைப் பற்றாமல் s-ஐப் பற்றுகிறது.

இது கல்வெட்டுத் தமிழுக்காகச் செய்த தனி ஏற்பாடு அல்ல. இன்றைய பேச்சுத் தமிழ் இதே வேறுபாட்டை உருபைக் கொண்டே காட்டுகிறது. 'சைக்கிளை இரண்டு நாளைக்குக் கொடுத்தான்' என்றால் கொடுத்தது ஒரு முறை, சைக்கிள் நம்மிடம் இருந்தது இரண்டு நாள். 'இரண்டு நாள் கொடுத்தான்' என்றால் கொடுத்தல் இரண்டு நாள் நடந்தது. நான்காம் வேற்றுமை உருபு விளைவு நிலையின் நீளத்தை அளக்கிறது, உருபில்லாத வடிவம் நிகழ்வின் நீளத்தை அளக்கிறது. 'ஏறு' போன்ற வினைகளில் மூன்றாவது அளவும் உண்டு. 'மூன்று மணி நேரம் ஏறினாள்' என்றால் உச்சியை அடைந்தாளா என்பது தெரியாது. 'மூன்று மணி நேரத்தில் ஏறினாள்' என்றால் அடைந்தே விட்டாள். கால அளவைச் சொல்லும் அடை நிகழ்வின் எந்தப் பகுதியைப் பற்றுகிறது என்பதைத் தமிழ் மூன்று வடிவங்களால் பிரித்து வைத்திருக்கிறது.

ஆடுகள் சந்திராதித்தவரை உயிரோடு இருக்க மாட்டா என்ற கேள்வி எழலாம். கல்வெட்டு எழுதியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்ற வழக்கு உண்டானது. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டு, அதற்கு ஈடாக நெய் அளக்க வேண்டும். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்ற கணக்கைக் காணலாம். ஆகவே s என்ற நிலை இந்த ஆட்டையோ அந்த ஆட்டையோ பற்றியதல்ல. எண்ணிக்கை குறையாத மந்தையையும் அதன் கடமையையும் பற்றியது.

வாக்கியத்தில் இன்னொரு நிகழ்வும் இருக்கிறது, விளக்கு எரிதல். 'எரிக்கக் கொடுத்தார்' என்பதில் 'எரிக்க' என்ற செயவென் எச்சம் நோக்கத்தைக் குறிக்கிறது. 'எரித்துக் கொடுத்தார்' என்றிருந்தால் எரித்தலும் நடந்து முடிந்த நிகழ்வாகும். 'எரிக்கக் கொடுத்தார்' என்பதிலிருந்து விளக்கு எரிந்தது என்று அனுமானிக்க முடியாது. 'மழையில்' உதிர்ந்த பிறகு 'ஏறினாள்' மிஞ்சியதைப் போல இங்கே 'எரிந்தது' மிஞ்சாது. எரிதல் என்ற நிகழ்வு உண்டு என்று வாக்கியம் உறுதி சொல்லவில்லை. அது கொடையாளியின் எண்ணத்துக்குள் இருக்கிறது.

சொல் வரிசையும் இங்கே வேலை செய்கிறது. 'சந்திராதித்தவரை எரிக்கக் கொடுத்தார்' என்றால் அடை எரித்தலைப் பற்றுகிறது. 'எரிக்கச் சந்திராதித்தவரை கொடுத்தார்' என்றால் உடைமை நிலையைப் பற்றுகிறது. முதல் வாசிப்பில் நீடிக்க வேண்டியது விளக்கின் ஒளி. இரண்டாவதில் நீடிப்பது கோயிலின் உரிமை. வரலாற்றை எழுதுபவருக்கு இது சின்ன வேறுபாடு அல்ல. கல்வெட்டு கொடுத்தலுக்கு நேர்ச்சான்று. உரிமை மாறியதற்கும் சான்று. விளக்கு எத்தனை ஆண்டுகள் எரிந்தது என்பதற்கு அது சான்றே அல்ல. அதை அறிய, நெய் அளந்த கணக்கோ, நின்றுபோன விளக்கை மீண்டும் ஏற்றியதைச் சொல்லும் பிற்காலக் கல்வெட்டோ வேண்டும். ஒரு கொடைக் கல்வெட்டை வைத்து 'இக்கோயிலில் அன்றிலிருந்து அணையாமல் விளக்கு எரிந்தது' என்று எழுதுவோர் நோக்கத்தை நிகழ்வாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கே நிற்கிறது

எல்லா அடைகளும் நிகழ்வின்மேலான பயனிலைகள் என்று சொன்னால் அது தவறாகும். 'கோமதி கிட்டத்தட்ட ஏறிவிட்டாள்' என்பதில் அடையை உதிர்த்தால் 'கோமதி ஏறிவிட்டாள்' கிடைக்கும். அது பொய். கிட்டத்தட்ட ஏறியவள் ஏறவில்லை. 'ஒருவேளை ஏறியிருப்பாள்' என்பதும் அப்படியே. இவை நடந்த ஒரு நிகழ்வின் பண்பைச் சொல்லவில்லை. நிகழ்வு நடந்ததா என்பதன்மேலேயே கை வைக்கின்றன. உதிர்க்கும் சோதனையில் தோற்கும் அடைகளை e-யோடு இணைக்காமல் முழு வாக்கியத்துக்கும் வெளியே வைப்பதே சரி. 'நல்லவேளையாக ஏறினாள்' சோதனையில் தேறினாலும் வெளியேதான் நிற்கும். நல்லவேளை ஏற்றத்தின் பண்பு அல்ல, ஏறிவிட்டாள் என்ற செய்தியைப் பற்றிப் பேசுபவர் தரும் மதிப்பீடு.

எதிர்மறை இன்னொரு எல்லை. 'கோமதி மெல்ல ஏறவில்லை' என்பதிலிருந்து 'ஏறவில்லை' என்று முடிவுகட்ட முடியாது. வேகமாக ஏறியிருக்கலாம். அனுமானம் இங்கே தலைகீழாக ஓடுகிறது: 'ஏறவில்லை' என்றால் 'மெல்ல ஏறவில்லை' என்பது தானே பெறப்படும். இது கோட்பாட்டுக்குக் குறை அல்ல. 'இன்னின்ன பண்புள்ள நிகழ்வு இல்லை' என்று மொத்தக் கோவைக்கும் வெளியே எதிர்மறையை வைத்தால், இந்தத் தலைகீழ் ஓட்டமே கிடைக்கும். கோட்பாடு முன்கூட்டிச் சொல்வதும் இதைத்தான்.

உண்மையான இடர் 'வேகமாக' போன்ற சொற்களில் இருக்கிறது. கோமதி ஸ்ரீவாரி மெட்டு வழியாகப் படியேறினாள். படியேறுபவர்களோடு ஒப்பிட்டால் வேகமாக ஏறினாள். பேருந்தில் போனவர்களோடு ஒப்பிட்டால் திருமலைக்கு மெதுவாகப் போனாள். ஏறியதும் போனதும் ஒரே நிகழ்வு என்றால், ஒரே e வேகமானதும் மெதுவானதும் ஆகிவிடும். டேவிட்சனே இந்தச் சிக்கலைக் கண்டு, இவ்வகை அடைகளைத் தம் தீர்வுக்குள் சேர்க்காமல் விட்டார். பின்வந்தவர்களில் ஒரு சாரார் ஏற்றமும் பயணமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு நிகழ்வுகள் என்றார்கள். இன்னொரு சாரார், வேகம் என்பது எப்போதும் ஓர் ஒப்பீட்டு வகையைச் சார்ந்தது என்றார்கள். 'பெரிய எறும்பு' பெரிய விலங்கு ஆகாததைப் போல, வேகமான படியேற்றம் வேகமான பயணம் ஆக வேண்டியதில்லை. இரண்டாவது விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. பெயரடையில் ஏற்கெனவே நமக்குத் தேவைப்படும் ஒரு கருவியையே அது வினையடைக்கும் நீட்டுகிறது. நிகழ்வுகளை எண்ணிக்கையில் பெருக்குவதில்லை.

டேவிட்சனின் கோட்பாட்டை முழுதாக ஏற்கவோ மறுக்கவோ வேண்டியதில்லை. முறை, இடம், வழி, காலம் ஆகியவற்றைச் சொல்லும் அடைகளுக்கு அதைவிட எளிய விளக்கம் இதுவரை இல்லை. ஐயம், எதிர்மறை, மதிப்பீடு ஆகியவற்றைச் சொல்லும் அடைகள் அதற்கு வெளியே நிற்கின்றன. இந்தக் கோட்டைத் தமிழுக்கு வரைந்து காட்டும் வேலை இன்னும் பெரிதாக நடக்கவில்லை. 'ஆக' ஏற்ற சொற்களையெல்லாம் வினையடை என்ற ஒரே தலைப்பில் அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுவதே நம் பாடநூல்களின் பழக்கம். மாணவரிடம் 'இது என்ன சொல்?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'இது யாரைப் பற்றி, எதைப் பற்றிச் சொல்கிறது? இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உண்மையா?' என்றும் கேட்க வேண்டும். அகராதி தொகுப்போரும், கல்வெட்டுகளைப் பதிப்பிப்போரும், தமிழ் வாக்கியங்களைக் கணினிக்காகப் பகுப்போரும் இந்த இரண்டு கேள்விகளை ஒவ்வோர் அடையின் பக்கத்திலும் எழுதிவைத்தால், தமிழ் வினையடைகளின் முதல் நம்பகமான வகைப்பாடு அதிலிருந்தே கிடைக்கும்.